ஒன்றரை மடங்கில் என்னைக் கேட்டவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவில், பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருந்தாலும் எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே வரும் ஊரிலிருந்து பேசுகிறேன். தோட்ட ஆபீசில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். செம்பனைத் தோட்டத்துச் சம்பளக் கணக்கு, ஊழியர் சேமநிதிக் கணக்கு, இவைதான் என் காலத்து வேலை. ஓய்வுக்குப் பிறகு மகன் ஒரு கைப்பேசித் தாங்கியை மேசையில் வைத்து, “அப்பா, ஆபீஸ் ஜன்னலில் வந்து நிற்பவர்களுக்குச் சொல்வீர்களே, அதை இதற்குச் சொல்லுங்கள்” என்றான். அப்படி 2025-இல் எடுத்ததுதான் சேமநிதியின் மூன்று கணக்குகளைப் பற்றிய 34 நிமிடக் காணொளி.

அதைப் பார்த்தவர்கள் வேகப் பொத்தானை என்ன செய்தார்கள் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். சேமநிதி விஷயம் வேண்டிய அளவுக்கு மட்டும் வரும்.

காணொளி வெளிவந்த வாரம் தோட்டத்து மண்டபத்தில் 11 பேரை உட்கார வைத்தேன். அவரவர் கைப்பேசி, அவரவர் காதில் காதொலிப்பான். நான் பின்னால் நாற்காலி போட்டு, மகனும் பக்கத்தில் இருக்க, ஒரு நோட்டில் யார் எந்த நிமிடத்தில் எதை அழுத்துகிறார்கள் என்று எழுதினோம். முகத்தைப் பார்க்கவில்லை. முகம் மரியாதைக்குச் சிரிக்கும், கட்டை விரல் அப்படி மரியாதை பார்க்காது.

மூன்றாவது நிமிடத்துக்குள் 7 பேர் 1.5-க்குப் போய்விட்டார்கள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அத்தனை இழுவையாகவா பேசுகிறேன்? மீதி நான்கு பேருக்கு என்னைப் பிடித்திருக்கிறது என்று ஆறுதல் தேடினேன். விசாரித்தால், அதில் இரண்டு பேருக்கு வேகத்தை மாற்ற முடியும் என்பதே தெரியாது. ஓர் அக்கா பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார், கை சும்மா இல்லை. ஒருவர்தான் உண்மையிலேயே அப்படியே கேட்டவர்.

எல்லாரும் ஓட்டித்தான் பார்க்கிறார்கள், அதனால் நீ வேகமாகப் பேசு என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் இந்த ஏழு பேரில் பலர் எதைப் பார்த்தாலும் 1.5-தான். யூடியூப் 2022-இல் சொன்ன கணக்குப்படி, வேகத்தை மாற்றுகிறவர்கள் 85 விழுக்காட்டுக்கும் மேலான தடவை கூட்டத்தான் செய்கிறார்கள், அதிகம் தேர்வாவது 1.5. ஆகவே ஒருவர் ஒன்றரையில் கேட்கிறார் என்பது அவருடைய பழக்கத்தைச் சொல்கிறது, என் காணொளியைப் பற்றி அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த விரல் எந்த இடத்தில் திரும்பப் பொத்தானைத் தேடுகிறது? அங்கேதான் எனக்குச் செய்தி இருந்தது.

12 நிமிடம் 40 வினாடி. அதைத் தாண்டியதும் என் நோட்டில் கோடு மேல் கோடு. 1.5-இல் இருந்த ஏழு பேரில் நான்கு பேர் சாதாரண வேகத்துக்கு இறங்கினார்கள். ஒருவர் 0.75-க்கே போனார். மற்ற இருவர் வேகத்தைத் தொடவில்லை, ஆனால் திரையின் இடது பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டிப் பத்துப் பத்து வினாடியாகப் பின்னால் போனார்கள், ஒருவர் நாலு தரம். மூன்றும் ஒரே சங்கதிதான்.

அந்த இடத்தில் நான் சொன்னது இது. ஆயிரத்து எழுநூறு வெள்ளி சம்பளம். தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி. முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 வெள்ளி. கூட்டினால் 408. அதில் 75 விழுக்காடு, 306 வெள்ளி, ஓய்வுக்கால கணக்கான அகாவுன் பெர்சாராஆனுக்குப் போகும். 15 விழுக்காடு, 61 வெள்ளி 20 காசு, செஜாத்ராவுக்கு. 10 விழுக்காடு, 40 வெள்ளி 80 காசு, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃபிலெக்சிபெலுக்கு. 2024 மே 11-இலிருந்து வருகிற புதிய சந்தா இப்படித்தான் பிரிகிறது. இவ்வளவையும் நான் 20 வினாடியில் சொல்லி முடித்திருந்தேன். 1.5-இல் கேட்டவருக்கு அது 13 வினாடியும் கொஞ்சமும். ஏழு தொகை, மூன்று மலாய்ப் பெயர், எல்லாம் 13 வினாடியில்!

ஏன் அப்படி ஓடினேன் என்று வீட்டில் வந்து யோசித்தேன். மகன் ஒரு நிமிடத் துண்டுகளாக வெட்டித் தர, சொற்களை விரல் விட்டு எண்ணினேன். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று அளவு சொல்வார்கள், அதைத் தமிழுக்கு அப்படியே வைத்துப் பார்க்கக் கூடாது. ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்பது நமக்கு ஒரு சொல். அதனால் என்னையே எனக்கு அளவாக வைத்துக்கொண்டேன். 1951-இல் சேமநிதி தொடங்கிய வரலாற்றைச் சொன்ன பகுதியில் நிமிடத்துக்கு 78 சொல். தாளைப் பார்த்துப் படித்தேன், நடுவில் தொண்டையைச் செருமினேன், “ஆக” “ஆக” என்று நின்றேன். கணக்குப் பகுதியில் 112 சொல். அது எனக்கு மனப்பாடம், எத்தனையோ வருஷம் ஜன்னலில் நின்று சொன்னது, தண்ணீராக ஓடியது.

இப்போது கேட்டவர்கள் பக்கம் பாருங்கள். 78-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 117. கணக்குப் பகுதியில் இறங்கியவர்கள் கேட்டது 112. அதாவது அவர்கள் வேகமாகவும் கேட்கவில்லை, மெதுவாகவும் கேட்கவில்லை. ஏறக்குறைய ஒரே வேகத்தைத்தான் கையில் பிடித்திருந்தார்கள். மேலும் கீழும் போனவன் நான். எனக்குப் பழகாத இடத்தில் தயங்கினேன், அது அவர்களுக்கு எளிய கதை. எனக்குப் பழகிய இடத்தில் பாய்ந்தேன், அது அவர்களுக்குப் புதுசு. ரொம்ப நாள் ஒரு வேலையைச் செய்தவர்கள் விளக்கம் சொல்ல வந்தால் இந்தப் பள்ளத்தில் விழுவார்கள் என்று நினைக்கிறேன். கங்காணி வேலை சொல்லிக் கொடுப்பதிலும் இதைப் பார்த்திருக்கிறேன், அது வேறு கதை.

இன்னொன்று. வரலாற்றுப் பகுதியில் சிலர் 1.5-இலும் திருப்தியில்லாமல் வலது பக்கம் தட்டித் தாவினார்கள். வேகத்தைக் கூட்டுவது ஒரு மாதிரி, தாவுவது இன்னொரு மாதிரி. சொற்களுக்கு நடுவே வெறும் காற்று இருந்தால் வேகத்தைக் கூட்டினால் அது சுருங்கிவிடும். ஆனால் சொன்னதையே திருப்பிச் சொன்னால் எத்தனை மடங்கு ஓட்டினாலும் அது சொன்னதுதான். அப்போதுதான் ஆள் தாவுகிறார். ஆகவே தாவிய இடத்தில் கத்தரி போட வேண்டும், ஓட்டிய இடத்தில் நம் தயக்கத்தைக் குறைத்தால் போதும்.

பக்கத்தில் உட்கார முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. யூடியூபில் காணொளி போடுகிறவருக்கு, எந்த நொடியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற வரைகோடு கிடைக்கும். அது காணொளியின் நிமிடத்தை வைத்து வரைவது. பின்னால் போய் மறுபடி பார்த்த இடம் மேடாக எழும்பும், தாவிய இடமும் விட்டுப்போன இடமும் பள்ளமாகும். என்னுடையதில் 13-ஆம் நிமிடத்தில் ஒரு மேடு இருந்தது. முதலில் அதைப் பார்த்துவிட்டு, இந்தப் பகுதி மக்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது என்று மனைவியிடம் பெருமை அடித்துக்கொண்டேன். மண்டபத்தில் உட்கார்ந்த பிறகுதான் அது பிடித்ததால் வந்த மேடு இல்லை, பிடிபடாததால் வந்தது என்று தெரிந்தது. வரைகோடு இடத்தைக் காட்டும், காரணத்தைக் காட்டாது.

வேகமாகக் கேட்டால் மண்டையில் ஏறுமா என்று என் தங்கை மகள் கேட்டாள். கலிஃபோர்னியாவில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்து ஆட்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மாணவர்களுக்கு விரிவுரைக் காணொளிகளை வெவ்வேறு வேகத்தில் காட்டித் தேர்வு வைத்தார்கள். இரண்டு மடங்கு வரை பெரிய இழப்பில்லை, இரண்டரையில் விழுந்தது. சரி, ஆனால் அவர்கள் கேட்டது பாடம். நம் ஆள் கேட்டுக்கொண்டே சம்பளச் சீட்டையும் பார்க்கிறார். காதுக்கு வேகம் தாங்கினாலும் கண்ணும் கையும் ஒன்றரை மடங்கில் ஓடாது. போதாததற்கு எண்கள் வேறு. ‘அறுபது’, ‘அறுநூறு’, வேகத்தில் தலை ஒன்றாகவே கேட்கும், வால் விழுங்கிப் போகும்.

திருத்தி எடுத்தபோது முழுசாக வேகமாகப் பேசவில்லை. அப்படிப் பேசியிருந்தால் பொத்தானே தெரியாத அந்த இரண்டு பேர்தான் மாட்டிக்கொண்டிருப்பார்கள். ஓட்டுகிறவருக்கு ஒரு வழி இருக்கிறது, அவர்களுக்கு இல்லை. மெதுவாக்கலாமே என்றால், 0.75-இல் என் குரலைக் கேட்டுப் பாருங்கள், கள்ளுக்கடையிலிருந்து வருகிறவன் மாதிரி இருக்கும். வரலாற்றை 7 நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடமாக்கினேன். கணக்குப் பகுதி 8 நிமிடமாக இருந்தது, 11 ஆனது. ஒரு தொகை, ஒரு பெயர், அப்புறம் மூன்று வினாடி மௌனம், எண் திரையில் நிற்கும். ஒன்றரையில் ஓட்டினாலும் அந்த மௌனம் இரண்டு வினாடி மிஞ்சும், சீட்டைப் பார்க்கப் போதும். முதலில் மௌனமாக நிற்பதற்கு எனக்குத்தான் கூச்சமாக இருந்தது, ஏதோ மறந்துவிட்டவன் போல.

புதியதைப் பக்கத்துத் தோட்டத்தில் 9 பேருக்குக் காட்டினேன். பழைய ஆட்களுக்குக் காட்டினால் விஷயம் ஏற்கெனவே தெரியும், சோதனை ஆகாது. 5 பேர் வழக்கம்போல 1.5 வைத்தார்கள். இந்தத் தடவை முகம் சுண்டவில்லை. கணக்குப் பகுதியில் ஒரே ஒருவர் இறங்கினார். ஒன்பது பேரை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நோட்டில் அந்தப் பக்கம் சுத்தமாக இருந்தது.

கோடுகள் இப்போது வேறு இடத்துக்குப் போயிருக்கின்றன. கைப்பேசியில் சேமநிதிச் செயலியைத் திறந்து காட்டும் பகுதியில் மூன்று பேர் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். ஓர் அக்கா காணொளியை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, “அண்ணே, அந்த நாற்பது வெள்ளி எண்பது காசை எடுக்க எந்த இடத்தை அமுக்கணும்? உங்க விரல் மறைக்குது” என்றார். குறைந்தது 50 வெள்ளி சேர்ந்தால்தான் எடுக்கலாம் அக்கா, அடுத்த மாதம் பாருங்கள் என்றேன். விரல் மறைப்பதை இந்த வாரம் மறுபடி எடுக்க வேண்டும்.