மேலது என்றால் எது?

வணக்கம். நான் சட்டப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்து வயிறு வளர்த்தவன், இப்போது சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் சும்மா இருக்கிறேன். போன மாதம் என் அக்கா மகள் ஒரு கட்டுரையோடு வந்தாள். வரலாற்று மாணவி. சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்களின் நிலமும் காடும் எப்படிக் கைமாறின என்று எழுதியிருக்கிறாள். எழுத்து நன்றாகவே இருந்தது, ஆனால் அடிக்குறிப்பைக் காட்டி ஆய்விதழ்க்காரர்கள் திருப்பிவிட்டார்கள். "மாமா, கமா, புள்ளி எல்லாம் சரி பண்ணிட்டேனே" என்றாள்.

கமாவில் ஆரம்பித்ததுதான் கோளாறு. வழக்கும் சட்டமும் ஆய்விதழ்க் கட்டுரையும் கலந்து கிடக்கும்போது, எந்த அடிக்குறிப்பும் எந்த அடிக்குறிப்பும் ஒரே ஆதாரம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். நிறுத்தக்குறி அதற்கப்புறம்தான்.

அவளுடைய 9ஆம் குறிப்பில் சமதா எதிர் ஆந்திரப் பிரதேச அரசு, ஏ.ஐ.ஆர். 1997 எஸ்.சி. 3297 என்று இருந்தது. 23ஆம் குறிப்பில் அதே சமதா, (1997) 8 எஸ்.சி.சி. 191. இரண்டும் ஒரே தீர்ப்பு, 1997 ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏ.ஐ.ஆர்., எஸ்.சி.சி. என்பவை இரண்டு தனித்தனித் தீர்ப்புத் தொகுப்புகள், ஒரு வழக்கு இரண்டிலும் அச்சாகும். அவள் ஒன்றை ஒரு கட்டுரையிலிருந்தும் இன்னொன்றை வேறொரு கட்டுரையிலிருந்தும் எடுத்திருக்கிறாள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை, கட்டுரைக்குள்ளேயே "இவ்விரு தீர்ப்புகளும் வலியுறுத்துவது போல" என்று ஒரு வாக்கியம் உட்கார்ந்திருந்தது! (அந்தத் தீர்ப்பு பழங்குடி மக்களுக்கென அறிவிக்கப்பட்ட அட்டவணைப் பகுதிகளைப் பற்றியது, தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதியே கிடையாது, ஒப்பிடத்தான் பயன்படும். அது வேறு கதை.)

இதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டை எடுத்து, வழக்காடியவர் பெயர், நீதிமன்றம், தீர்ப்புத் தேதி மூன்றையும் எழுதிக்கொண்டே போனால் போதும், மூன்றும் ஒத்துப்போனால் ஒரே வழக்கு. அப்புறம் ஏதாவது ஒரு தொகுப்பை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். இங்கே ஒரு வழுக்கல் உண்டு. ஏ.ஐ.ஆரில் பத்தி எண் 50 என்று இருந்ததை அப்படியே எஸ்.சி.சி.க்குப் பக்கத்தில் ஒட்டக்கூடாது, பத்தி எண்கள் தொகுப்புக்குத் தொகுப்பு மாறலாம். தேர்ந்தெடுத்த தொகுப்பைத் திறந்து, மேற்கோள் காட்டிய வரி எந்தப் பத்தியில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் போட வேண்டும்.

சட்டத்திலும் இதே வேஷம்தான். வன உரிமைச் சட்டத்தின் பெயரில் 2006 என்று இருக்கும், ஆனால் அதன் எண் 2007இன் 2ஆம் சட்டம். அவள் ஓரிடத்தில் பெயரையும் ஓரிடத்தில் எண்ணையும் போட்டிருந்ததால் படிப்பவருக்கு இரண்டு சட்டம் மாதிரித் தெரிந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டமும் தமிழ்நாடு வனச் சட்டமும் அப்படியே, மாநிலத்தின் பெயர் மாறியபோது சட்டத்தின் பெயரும் மாறியது. அவள் பேசுவது வெள்ளைக்காரன் காலம் என்பதால் பழைய பெயரை வைத்து, முதல் குறிப்பில் மட்டும் இன்றைய பெயரைச் சொல்லச் சொன்னேன். சட்டத்துக்குப் பக்க எண் வேண்டாம், பிரிவு எண்தான் வேண்டும், ஏனென்றால் பக்கம் அச்சுக்கு அச்சு மாறும். ஆய்விதழ்க் கட்டுரைகளை அந்த இதழ் கேட்கும் பாணியில் எழுதிவிடலாம், அதில் சிக்கல் குறைவு. அந்தப் பாணிக்குள் வழக்கையும் திணித்து நீதிபதியை "ஆசிரியர்" ஆக்கிவிடாமல் இருந்தால் சரி.

கடைசியில்தான் "மேலது", அதாவது முந்தைய குறிப்பில் சொன்ன அதே ஆதாரம். 23இல் வழக்கு, 24இல் "மேலது, பத்தி 60" என்று இருந்தது. நடுவில் ஒரு கட்டுரையைப் புதுக் குறிப்பாக நுழைத்ததும் பழைய 24 இப்போது 25 ஆகி, மேலது என்பது அந்தக் கட்டுரையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது. கட்டுரைக்கு ஏது பத்தி 60? அப்படிப் பொருந்தாத எண்ணைப் பார்த்தாலே பிடித்துவிடலாம். முந்தைய குறிப்பில் இரண்டு ஆதாரம் இருந்தாலும் மேலது போடக்கூடாது, எது என்று தெரியாது. அதனால் "சமதா, குறிப்பு 9" என்று சுருக்கப் பெயரோடு எழுதச் சொன்னேன். அந்த 9ஐக் கையால் தட்டாமல் வேர்டில் Cross-reference வழியாக நுழைக்க வேண்டும், அது NOTEREF என்ற புலமாக உட்காரும்.

அதுவும் தானாக மாறிவிடாது. Ctrl+A, F9 தட்டினால் உடல் பகுதி மட்டும் புதுப்பிக்கப்படும். அடிக்குறிப்புக்குள் கர்சரை வைத்து இன்னொரு முறை Ctrl+A, F9 தட்ட வேண்டும். தட்டியதும் அவளுடைய 31ஆம் குறிப்பில் Error! Bookmark not defined. என்று வந்து நின்றது. அது சுட்டிய, வன உரிமைச் சட்டத்தின் முதல் குறிப்பை அவளே என்றைக்கோ நீக்கியிருக்கிறாள்.