நிமிர்ந்து நின்ற ஏணி

மாணவர்களே, பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி போன வாரம் கால்குலேட்டரோடு என்னிடம் வந்தாள். "ஐயா, cot 90° பூஜ்ஜியம்னு அட்டவணையில இருக்கு. cot பட்டன் இல்லாததால 1 ÷ tan(90) போட்டேன், Math ERROR வருது. எது சரி?" என்று கேட்டாள். அட்டவணைதான் சரி. ஏன் என்று பார்க்க ஓர் ஏணி போதும்.

5 மீட்டர் ஏணியைச் சுவரில் சாய்த்து வையுங்கள். ஏணி தரையோடு செய்வது கோணம். அது சுவரில் தொடும் உயரம் எதிர்ப்பக்கம். சுவருக்கும் ஏணியின் அடிக்கும் உள்ள தூரம் அடுத்துள்ள பக்கம். உயரத்தை அடித்தூரத்தால் வகுத்தால் tan, அடித்தூரத்தை உயரத்தால் வகுத்தால் cot.

கோணம் 60° என்றால் அடித்தூரம் 2.5 மீட்டர், உயரம் 4.33 மீட்டர். tan 1.732. இனி அடியைச் சுவரை நோக்கித் தள்ளுங்கள். 89° வரும்போது உயரம் 5 மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாது. அடித்தூரமோ 8.7 சென்டிமீட்டர்தான். tan 57.29 ஆகிவிட்டது. 89.9° என்றால் அடித்தூரம் 9 மில்லிமீட்டருக்கும் குறைவு, tan 573-ஐ நெருங்குகிறது. உயரம் ஏறக்குறைய அப்படியே நிற்க, வகுக்கும் எண் மட்டும் தேய்ந்துகொண்டே போவதுதான் இதற்குக் காரணம்.

90°-இல் ஏணி சுவரோடு ஒட்டி நிமிர்ந்துவிட்டது. உயரம் 5, அடித்தூரம் 0. இப்போது tan என்பது 5 ÷ 0. எந்த எண்ணைப் பூஜ்ஜியத்தால் பெருக்கினால் 5 வரும்? அப்படி ஓர் எண்ணே கிடையாது. அதனால்தான் வரையறுக்க இயலாது என்கிறோம். cot என்பதோ 0 ÷ 5. ஐந்தால் பெருக்கினால் பூஜ்ஜியம் தரும் எண் பூஜ்ஜியம்தான். இங்கே எந்தச் சிக்கலும் இல்லை.

சிலர் tan 90° = ∞ என்று எழுதுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சுவரை எடுத்துவிட்டு ஏணியை அந்தப் பக்கம் ஒரு டிகிரி சாயவிடுங்கள். அடித்தூரத்தை இப்போது எதிர்த்திசையில் அளப்பதால் அது குறை எண், ஆகவே tan 91° = −57.29. இந்தப் பக்கத்திலிருந்து 90°-ஐ நெருங்கினால் மேலே மேலே ஏறுகிறது, அந்தப் பக்கத்திலிருந்து நெருங்கினால் கீழே கீழே இறங்குகிறது. இரண்டும் ஓரிடத்தில் சேரவே இல்லை. cot அப்படியல்ல. 89°-இல் 0.01746, 91°-இல் −0.01746. இரு பக்கமும் பூஜ்ஜியத்துக்கே வருகின்றன.

அந்தப் பிள்ளை தடுமாறியது 1 ÷ tan என்ற சூத்திரத்தில். tan-க்கு மதிப்பு இருக்கும் இடத்தில் மட்டுமே அது செல்லும். 90°-இல் மதிப்பே இல்லாத ஒன்றால் 1-ஐ எப்படி வகுப்பது? cot-இன் சொந்த வரையறை cos ÷ sin. cos(90) ÷ sin(90) என்று அழுத்தச் சொன்னேன். திரையில் 0 வந்தது.