"ரெஸ்பான்சிபிள் ஃபார்"னு ஆரம்பிச்சா என் பச்சைப் பேனா வெளிய வரும்!

வணக்கம் மக்களே! இன்னிக்கு கொஞ்சம் கடுப்புலதான் கேமராவை ஆன் பண்ணிருக்கேன். நம்ம சப்ஸ்கிரைபர் ஒரு தங்கச்சி, குடோன்ல ஸ்டாக் பாக்குற வேலை, அவங்க சிவியை அனுப்பிருந்தாங்க. பேரு, கம்பெனி எதுவும் சொல்ல மாட்டேன், மத்ததைக் காட்டலாம்னு அவங்களே சொல்லிட்டாங்க. கடைசி வேலைக்குக் கீழ வரிசையா பாயிண்ட் போட்டிருக்காங்க. எல்லாமே "ரெஸ்பான்சிபிள் ஃபார்", "ரெஸ்பான்சிபிள் ஃபார்"... நடுவுல ஒரு மாறுதலுக்கு "இன்வால்வ்டு இன்". எனக்கு அதைவிட இதுதான் இன்னும் பிடிக்காது. இன்வால்வ்டுன்னா என்ன பண்ணீங்க? பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்தீங்களா?

இதுல இருக்குற சிக்கல் என்னன்னா, "ஸ்டாக் ரெக்கார்டு பராமரிக்கிற பொறுப்பு"ன்னு எழுதுனா, அது அந்த நாற்காலிக்கான வேலை விவரம். அதுல நல்லா வேலை பாத்தவங்களும் அப்படித்தான் எழுதலாம், தூங்கி வழிஞ்சவங்களும் அப்படித்தான் எழுதலாம். படிக்கிறவருக்கு ரெண்டு பேரையும் பிரிச்சுப் பாக்க வழியே இல்ல.

சரி, அந்த ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துப்போம். மத்ததெல்லாம் அப்புறம்.

நான் கேட்ட முதல் கேள்வி, "நீங்க வேலைக்குச் சேர்ந்ததுக்கு அப்புறம் அங்க என்ன மாறுச்சு?" உடனே வந்த பதில், "ஒண்ணும் பெருசா இல்லக்கா, எங்ககிட்ட நம்பரெல்லாம் யாரும் குடுக்க மாட்டாங்க." இதைத்தான் எல்லாரும் சொல்றீங்க! நம்பர்னா மேனேஜர் கையெழுத்து போட்டு கவர்ல தரணும்னு நினைப்பு. அப்படி இல்ல. நீங்க தினமும் தொட்ட விஷயத்தை எண்ணுனாலே நம்பர்தான். எத்தனை ஐட்டம், எத்தனை நாளைக்கு ஒருதரம், எத்தனை பேர், எவ்வளவு நேரம். இந்த நாலையும் கேட்டேன், மளமளன்னு கொட்டுது.

ரேக்குல இருக்குறது 3,200 ஐட்டம். முன்னாடி மாசக் கடைசியில ரெண்டு நாள் டெலிவரியை நிறுத்திட்டு மொத்தத்தையும் எண்ணுவாங்க. இவங்கதான் போய் மேனேஜர்கிட்ட, தினமும் ஒரு ரேக்கா எண்ணிடலாமேன்னு சொல்லிருக்காங்க. சைக்கிள் கவுண்ட்னு சொல்வாங்கல்ல, அதேதான். மாசத்துல 24 வேலை நாள்னா ஒரு நாளைக்கு 130 சொச்சம் ஐட்டம்தான் வரும், காலையிலேயே முடிஞ்சிடும். மாசக் கடைசி வேலை ரெண்டு நாள்லேருந்து அரை நாளா ஆயிடுச்சு. சிஸ்டத்துல ஒரு எண்ணிக்கை, ரேக்குல ஒரு எண்ணிக்கைன்னு ஒத்துப்போகாத ஐட்டம் முன்னாடி 190 கிட்ட இருந்திருக்கு, ஆறு மாசத்துல 65 கிட்ட வந்திருக்கு. இது அவங்களே அனுப்புன பழைய ரிப்போர்ட்ல இருக்கு. இதைத்தான் "ஒண்ணும் பெருசா இல்லக்கா"ன்னாங்க!

இப்ப கணக்கு. 3,200ல 190ன்னா ஏறக்குறைய 6 சதவீதம். 65ன்னா 2 சதவீதம். இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுவாங்க. "4 சதவீதம் குறைச்சேன்"னு எழுதுனா தப்பு, ஏன்னா 6லேருந்து 2க்கு வந்தா அது மூணுல ரெண்டு பங்கு குறைஞ்சிருக்கு. "66 சதவீதம் குறைச்சேன்"னு எழுதுனா தப்பில்ல, ஆனா எதுலேருந்து எதுக்குன்னு தெரியாது. மூணு தப்பு ஒண்ணா ஆனாலும் 66 சதவீதம்தானே! மொட்டையா ஒரு சதவீதத்தைப் பாத்தா எனக்கு உடனே சந்தேகம் வரும். அதனால ரெண்டு முனையையும் போட்டுடுங்க, 6லேருந்து 2. படிக்கிறவரே கணக்குப் போட்டுக்கட்டும்.

அடுத்து முதல் வார்த்தை. தங்கச்சி ஆசையா, தலைமை தாங்குனேன்ங்கிற அர்த்தத்துல "லெட்"னு போட்டு அனுப்புனாங்க. நான் பச்சைப் பேனாவால அடிச்சேன். யோசனை அவங்களது, அனுமதி மேனேஜரோடது, எண்ணுனது இவங்களும் கூட ரெண்டு பேரும். அந்த ரெண்டு பேரும் இவங்களுக்குக் கீழ வேலை பாக்கல. இன்டர்வியூல "உங்க டீம்ல எத்தனை பேர்?"னு கேட்டா என்ன சொல்வீங்க? "இன்ட்ரட்யூஸ்டு" போதும். இல்லாத ஒண்ணைக் கொண்டுவந்தீங்க, அது நூத்துக்கு நூறு உண்மை. "மேனேஜ்டு", "ஹேண்டில்டு"லாம் பாக்க வினைச்சொல் மாதிரி இருக்கும், ஆனா "ரெஸ்பான்சிபிள்"க்கு அக்கா தங்கச்சிங்கதான். என்ன பண்ணீங்கன்னு அதுலயும் தெரியாது.

இப்ப முழு வரி, நிதானமா படிக்கிறேன். "இன்ட்ரட்யூஸ்டு டெய்லி சைக்கிள் கவுண்ட்ஸ் அக்ராஸ் 3,200 ஐட்டம்ஸ், கட்டிங் ஸ்டாக் மிஸ்மேட்ச் ஃப்ரம் 6% டு 2% இன் சிக்ஸ் மந்த்ஸ் அண்டு மந்த்-எண்ட் கவுண்ட் ஃப்ரம் டூ டேஸ் டு ஹாஃப் எ டே." செஞ்சது முன்னாடி, அளவு நடுவுல, விளைவு கடைசியில.

இங்க ஒரு கூத்து நடந்துச்சு, இதைச் சொல்லியே ஆகணும். ரெண்டு வரிக்கு மேல போகக் கூடாதுங்கிறது என் சட்டம், உங்களுக்கே தெரியும். பேஸ்ட் பண்ணிப் பாத்தா, அந்த "டே" மட்டும் தனியா மூணாவது வரியில போய் உக்காந்திருக்கு. ஒத்த வார்த்தை! மார்ஜினை இழுக்கலாம்னு பாத்தேன், மத்த எல்லா பாயிண்டும் கலைஞ்சிடுச்சு. எழுத்தை 11லேருந்து 10.5 ஆக்குனா, அந்த வரி மட்டும் மெலிஞ்சு நிக்குது. எனக்கு அது கண்ணுல குத்தும். காபி போட்டுட்டு வந்து திரும்பப் படிச்சா, தங்கச்சி ஆரம்பத்துல "சக்ஸஸ்ஃபுல்லி"ன்னு ஒரு வார்த்தையைச் சொருகி வெச்சிருக்காங்க. அடப்பாவி! 6லேருந்து 2க்கு வந்துச்சுன்னு எழுதுனதுக்கு அப்புறம் வெற்றிகரமான்னு வேற சொல்லணுமா? தூக்குனேன். "டே" ஜம்முனு ரெண்டாவது வரிக்கு ஏறிடுச்சு. தனியா உக்காந்து கை தட்டிக்கிட்டேன், சிரிக்காதீங்க.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். அந்த 190, 65 ரெண்டுக்கும் ரிப்போர்ட் இருந்துச்சு, அதனால போட்டோம். ஞாபகத்துலேருந்து சொல்ற நம்பரா இருந்தா "சுமார்"னு சேர்த்துக்கோங்க, அதுவும் குறைவான பக்கமா சொல்லுங்க. "எப்படிக் கணக்குப் போட்டீங்க?"ன்னு கேட்டா ரெண்டே வாக்கியத்துல சொல்ல வரணும். வரலைன்னா அந்த நம்பரை எடுத்துடுங்க. கம்பெனியோட விற்பனைத் தொகை மாதிரி வெளிய சொல்லக் கூடாததும் வேணாம். எத்தனை ஐட்டம், எத்தனை நாள்ங்கிறதே அளவைக் காட்டிடும்.

இன்னொண்ணு, இப்பவும் அதே வேலையிலதான் இருக்கீங்கன்னா, முடிஞ்ச விஷயத்துக்கு மட்டும் இறந்தகாலம், இன்னும் நடக்குறதுக்கு நிகழ்காலம். இதை வரிக்கு முன்னாடியே சொல்லிருக்கணும், எடிட்ல மாத்துறேனான்னு பாப்போம்... மாத்த மாட்டேன்.

எல்லா பாயிண்டையும் இப்படி மாத்த முடியாது. பில் என்ட்ரி வரியை நான் பெருசா தொடல. அங்க விளைவுன்னு எதுவும் இல்ல, "தினமும் 80 பில்"னு அளவை மட்டும் சேர்த்து, சாஃப்ட்வேர் பேரை அப்படியே விட்டுட்டேன், அதை வெச்சுத் தேடுவாங்கல்ல. விளைவு இல்லாத இடத்துல விளைவை உருவாக்குனா முதல் கேள்வியிலேயே மாட்டிப்பீங்க.

சப்ளையர் ஃபாலோ-அப் வரி இன்னும் பாக்கி. எத்தனை சப்ளையர், லேட்டா வர்ற சரக்கு முன்னாடி எவ்வளவு இப்ப எவ்வளவுன்னு கேட்டிருக்கேன். தங்கச்சி பழைய ரிஜிஸ்டரைத் தேடிட்டு இருக்காங்க, கிடைச்சா அந்த வரியை கமெண்ட்ல பின் பண்றேன்.