மூன்று நூல் துணி

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்ங்க. பெருந்துறைப் பக்கம் வீட்டு முன்னறையிலேயே தையல் மெஷின் போட்டு, இருபது வருசத்துக்கு மேல் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கிறேன். போன வைகாசியில் ஒரு வாடிக்கையாளருக்கு நான் எழுதிய கடிதத்தைத்தான் இன்றைக்கு வாசிக்கப் போகிறேன். தைத்துத் தருவதை விட்டுவிட்டுக் கடிதம் எதுக்கு என்று நீங்கள் கேட்கலாம். பழைய பட்டு ஜாக்கெட்டை மறுபடி பிரித்து அகலமாக்க முடியாது என்று போனில் விவரத்தைச் சொல்லப் பார்த்தேன். "ரெண்டு தடவ பிரிச்சுக் குடுத்தவளுக்கு மூணாந்தடவ முடியாதா புள்ள?" என்று கேட்டுவிட்டு அந்த அக்கா போனை வைத்துவிட்டார். அதனால் எழுதி, ஜாக்கெட் இருந்த பைக்குள்ளேயே வைத்து அனுப்பினேன். அவர் பெயரை மட்டும் இங்கே விட்டுவிடுகிறேன்.

"அன்புள்ள அக்காவுக்கு,

நல்லா இருக்கீங்களா. உங்க அரக்குப் பட்டு ஜாக்கெட்டைப் பிரிக்காமல் அப்படியே திருப்பி அனுப்புகிறேன். கோபப்படாமல் இதை முழுசாகப் படியுங்கள்.

இது உங்க தம்பி கல்யாணத்தில் இணைச்சீருக்குக் கட்டின சிறுமுகைப் பட்டு என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து நான்தானே கொக்கி வைத்தேன். அந்தத் தம்பி மகளுக்கு இப்போது திரட்டிச் சீர். அத்தைக்காரி அதே சேலையில் நிற்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் துணி இல்லைங்க அக்கா.

கணக்கைச் சொல்கிறேன். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நாங்கள் ஒரு நூல் என்போம். முதலில் தைத்தபோது உங்க மார்பளவு 34. இரண்டு பக்கத் தையலிலும் முன்பக்கத் துணி ஒன்று, பின்பக்கத் துணி ஒன்று, ஆக நாலு ஓரம். ஒவ்வொரு ஓரத்திலும் எட்டு நூல் உள்ளே விட்டுத் தைத்திருந்தேன். சின்னவன் பிறந்த பிறகு முதல் தடவை பிரித்தபோது ஓரத்துக்கு மூன்று நூல் எடுத்தேன். நாலு ஓரத்துக்குப் பன்னிரண்டு நூல், அதாவது ஒன்றரை அங்குலம். 34 முப்பத்தைந்தரை ஆனது. மூன்று வருசம் முன்னால் மறுபடி ஓரத்துக்கு இரண்டு நூல் எடுத்ததில் முப்பத்தாறரை. இப்போது உள்ளே மிச்சம் இருப்பது மூன்று நூல்தான்.

நீங்கள் கேட்பது 39. அதுக்கு ஓரத்துக்கு ஐந்து நூல் வேண்டும். இருக்கிற மூன்றையும் முழுசாக எடுக்கவும் முடியாது. தையலுக்கு வெளியே இரண்டு நூலாவது துணி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டில் நெசவு இழை நழுவித் தையலை விட்டு வெளியே வந்துவிடும். ஆக எனக்குக் கிடைப்பது ஓரத்துக்கு ஒரே ஒரு நூல். மொத்தமாக அரை அங்குலம். அது உங்களுக்குப் போதாது.

அந்த ஒரு நூலையும் எடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஏன் என்று நீங்களே பாருங்கள். ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத் தையலைப் பிடியுங்கள். இப்போதைய தையலுக்கு முன்னால் இரண்டு வரிசை புள்ளி தெரியும். அது பழைய தையலின் ஊசி ஓட்டை. காட்டன் என்றால் நாலு தடவை துவைத்தால் ஓட்டை மூடிக்கொள்ளும். பட்டில் அவ்வளவு சுலபமாக மூடாது. அடுத்து, தையலுக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டைவிரல், அந்தப் பக்கம் ஒரு கட்டைவிரல் வைத்து மெதுவாக இழுங்கள். அக்குளுக்குக் கீழே இழை இழையாக விலகி ஏணிப்படி மாதிரி தெரிகிறது அல்லவா? அந்த இடத்தில் வியர்வை இறங்கி நிறம் வெளுத்து, துணியும் மொடமொடவென்று இருக்கிறது. வியர்வை பட்டின் பலத்தைத் தின்றுவிடும். மூன்றாம் தையல் அதன் பக்கத்திலேயே போட்டால் சீர் நடக்கும்போது நீங்கள் கையைத் தூக்கின உடனே கிழியும். தையல் விட்டால் மறுபடி போட்டுக்கலாம். துணியே கிழிந்தால் என்ன செய்வது?

இன்னொன்று. உங்களுக்கு இறுக்குவது பக்கம் மட்டும் இல்லை. 'கை தூக்கினா அக்குள்ல அறுக்குது' என்றீர்களே, அது கைக்குழி. வளைவு சுருங்காமல் உட்கார வேண்டும் என்று உள்துணியில் அங்கங்கே கத்தரியால் சின்னச் சின்ன வெட்டு விட்டிருக்கிறேன். அந்த வெட்டு தையலுக்கு ஒரு நூல் தள்ளி வரை வந்திருக்கிறது. அங்கே தையலை வெளியே தள்ளினால் வெட்டெல்லாம் வெளியே எட்டிப்பார்க்கும். பக்கத்தை விரித்தாலும் கைக்குழியின் மேல் பாதி பழையபடியே நிற்கும். முன்னால் பிடித்த டாட் முனையும் நகராது.

அக்குளில் வேறு துணி ஒட்டுப் போடலாமே என்பீர்கள். போடலாம். ஆனால் புதுத் துணி உறுதியாகவும் பழைய பட்டு நைந்தும் இருந்தால், இழுப்பெல்லாம் ஒட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய பட்டில்தான் விழும். நாலு மாசத்தில் அங்கே விடும். சேலையோடு வந்த ஜாக்கெட் துணி 80 சென்டிமீட்டர்தான். முழங்கை வரை கை வேண்டும் என்று கேட்டதால் துண்டு கூட மிச்சமில்லை.

என்னால் முடிந்தது இதுதான். கை பார்டர் நல்லா இருக்கிறது, ஜரிகை கறுக்கவில்லை. அதைப் பிரித்து எடுத்துப் புது ஜாக்கெட்டில் வைக்கிறேன். விரித்தால் பன்னிரண்டரை அங்குலம் வரும். உங்க கைச் சுற்று இப்போது 13, தையலோடு 14 வேண்டும். குறைகிற ஒன்றரை அங்குலத்துக்கு உடம்புத் துணியிலேயே இணைப்புப் போட்டு, கையை மடக்கினால் மறைகிற அடிப்பக்கம் தள்ளிவிடுகிறேன். ஈரோட்டில் துணி எடுக்கும்போது இந்த ஜாக்கெட்டை வைத்து நிறம் பார்க்காதீர்கள், அது வெளுத்துவிட்டது. சேலையைக் கொண்டுபோங்கள். கடை ட்யூப்லைட்டில் பார்க்காமல் வாசலுக்கு வந்து வெயிலில் பாருங்கள். சீருக்கு எட்டு நாள் முன்னால் கொடுத்தால் போதும்.

உங்கள் தங்கை மாதிரி."

கடிதம் அவ்வளவுதான். ஒரு விசயம் இடையில் சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்ட பக்கத்து வீட்டுப் பையன் அவனுடைய திருப்பூர் பனியனையாவது அகலமாக்கித் தரச் சொன்னான். ஓவர்லாக் மெஷின் தைக்கும்போதே ஓரத்தை வெட்டிக்கொண்டே போகும். அதில் ஒரு நூல் கூட வராது. பட்டு ஜாக்கெட்டில் எட்டு நூல் கிடைத்ததே நாங்கள் கையால் வெட்டுவதால்தான். சில பேர் துணியை மிச்சம் பிடிக்கிறேன் என்று அதையும் நாலு நூலில் முடித்துவிடுவார்கள். அந்த ஜாக்கெட்டை ஒரு தடவை பிரித்தாலே பெரிது.

அக்கா பதில் எழுதவில்லை. பத்து நாள் கழித்து மத்தியானம் நேரில் வந்தார். சேலை, புதுத் துணி, பழைய ஜாக்கெட் மூன்றையும் மேசை மேல் வைத்தார். நான் பழையதில் கை பார்டரைப் பிரிக்க ஆரம்பித்தபோது முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார். பிரித்து முடித்த பிறகு, மிச்சத் துணியைப் பையில் போட்டுத் தரச் சொன்னார். எதுக்கு என்று நான் கேட்கவில்லை.

அளவு எடுத்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல உள்ள எத்தன நூலு உடுவே?"

"பன்னெண்டு விடறேனுங்க அக்கா" என்றேன்.

நன்றி, வணக்கம்ங்க.