பெயர் மாறும்போது தொலைவது என்ன?

அவைத்தலைவர் அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, வாசகர் வட்டத்துப் பெரியோர்களே, இருக்கை கிடைக்காமல் நின்றுகொண்டிருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன்னர் பேசிய பேராசிரியர் அம்மையார் என் நேரத்திலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு சிறப்பாகப் பேசினார். அவருக்கு என் நன்றி.

மொழிபெயர்ப்பிலும் டப்பிங்கிலும் கதைமாந்தரின் பெயர்கள் மாற்றப்படுவதற்கு நாவுக்கு எளிமை, வணிகம், பொருள் என மூன்று காரணங்கள் உண்டு. இன்று மூன்றாவதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

மாற்றம் எல்லாமே இழப்பாகிவிடாது. டோரா கார்ட்டூனில் திருட வரும் நரிக்கு ஆங்கிலத்தில் ஸ்வைப்பர், அதாவது தட்டிப் பறிப்பவன், என்று பெயர். தமிழில் அது குள்ளநரி ஆனது. நம் கதைகளில் நரி என்றாலே தந்திரம்தானே! ஆனால் சிவப்பு பூட்ஸ் அணிந்ததால் பூட்ஸ் எனப்பட்ட குரங்கு, இங்கே புஜ்ஜியானபோது செல்லம் கூடியது, காலணி மறைந்தது.

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பார்கள். ஹாரி பாட்டர் வரிசையை மொழிபெயர்த்தவர்களுக்கு, அடுத்த நூல்கள் அப்போது வெளிவராததால், அந்த ஆழத்தைப் பார்க்க வழியே இருக்கவில்லை. 1998இல் வெளிவந்த இரண்டாம் நூலில், வில்லனின் இயற்பெயரான டாம் மார்வோலோ ரிடில் என்பதன் 16 ஆங்கில எழுத்துகளும் இடம் மாறி, 'நான் வோல்டெமோர்ட் பிரபு' என்று பொருள்படும் ஆங்கில வாக்கியமாகின்றன. பிரெஞ்சுக்காரர் என்ன செய்தார்? 'பிரபு'வை விட்டுவிட்டு, 'நான் வோல்டெமோர்ட்' என்பதன் 15 எழுத்துகளைக் கலைத்து, டாம் எல்விஸ் ஜெடுசோர் என்று பெயரிட்டார். அபாரமான வேலை! ஆனால் நடுப்பெயர் தாய்வழிப் பாட்டனுடையது என்று கதையே சொல்கிறது. அந்தப் பாட்டனோ 2005இல் வந்த ஆறாம் நூலில் நேரிலேயே வந்து நிற்கிறார். செருக்கும் வறுமையும் பிடித்த பழங்குடும்பத்துக் கிழவருக்கு, பிரெஞ்சில், அமெரிக்கப் பாடகரை நினைவூட்டும் எல்விஸ் என்ற பெயர்! தமிழில் இந்த வித்தை இன்னும் கடினம். எழுத்துகளைக் கலைத்தாலும் உயிர்மெய்யைப் பிரிக்க முடியாதே.

அதே ஆறாம் நூலில் ஒரு துண்டுக்கடிதம் ஆர்.ஏ.பி. என்று மட்டும் கையொப்பமிட்டு முடிகிறது. யார் அது என்பதே புதிர். பிளாக் என்னும் குடும்பப்பெயரை முந்தைய நூல்களிலேயே டச்சில் ஸ்வார்ட்ஸ் என்று மாற்றியிருந்தார்கள். எனவே கையொப்பத்தின் கடைசி எழுத்தும் அங்கே மாற வேண்டியதாயிற்று. விடை ஏழாம் நூலில் வருவதற்கு ஏறத்தாழ இரண்டாண்டு முன்பே டச்சுப் பதிப்பு அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ஆழம் தெரியாமல் காலை விட்டவர் மொழிபெயர்ப்பாளர் அல்லர், விடச் சொன்ன பதிப்புமுறை.

ஆகவே நான் ஊர் ஊராகக் கேட்டுவரும் கோரிக்கையை இங்கும் வைக்கிறேன். ஒவ்வொரு மொழிபெயர்ப்பு நூலின் இறுதியிலும் மூலப்பெயர், அதன் பொருள், மாற்றிய காரணம் ஆகியவற்றைச் சொல்லும் ஒரு பக்கம் வேண்டும். டப்பிங் தொடர்களின் முடிவில் பெயர் சூட்டியவரின் பெயர் வர வேண்டும். இதற்கான விண்ணப்பத்தை நூலக அலுவலரிடம் கொடுத்திருக்கிறேன்; ஒப்புதல் உள்ளவர்கள் வாசலில் உள்ள தாளில் கையொப்பமிடுங்கள். நன்றி, வணக்கம்.