ஷார்ஜாவுல அனுப்பின பணம் பரமக்குடிக்கு ஏன் வரல? எங்க நிக்குதுன்னு கண்டுபிடிக்கிறது எப்படி?

[திரையில்: மொபைல் ஆப். 1,500 திர்ஹாம். பச்சை டிக். கீழே `Processed`]

ஷார்ஜாவுல ஒரு கிடங்குல வேலை பார்க்கிறவர். இப்ராஹிம்னு வச்சுக்குவோம். சம்பளம் வந்த அன்னைக்கே 1,500 திர்ஹாமை எக்ஸ்சேஞ்ச் ஆப் வழியா பரமக்குடியில இருக்கிற மனைவி அக்கவுண்டுக்கு அனுப்பிடறார். பச்சை டிக் வந்தாச்சு. மூணு நாள் ஆச்சு, பணம் மட்டும் வரல.

"பேங்குல போய்க் கேட்டேன் மச்சான், அப்படி ஒண்ணும் வரவே இல்லைங்கிறாங்க."

"இங்க கேட்டா அனுப்பியாச்சுங்கிறாங்களே!"

ரெண்டு பக்கமும் பொய் சொல்லல. நடுவுல இன்னொருத்தர் இருக்கார், அவரைத்தான் யாரும் விசாரிக்கல.

[திரையில்: மூன்று கட்டங்கள். எக்ஸ்சேஞ்ச் → பார்ட்னர் வங்கி → மனைவியின் வங்கி]

அமீரகத்துல இருக்கிற எக்ஸ்சேஞ்ச், இந்தியாவுல ஏதாவது ஒரு வங்கியில முன்கூட்டியே ஒரு ரூபாய் கணக்கு வச்சிருக்கும். இப்ராஹிம் கட்டின திர்ஹாம் அங்கேயே நிக்கும். "இந்த அக்கவுண்டுக்கு இவ்வளவு ரூபாய் குடு"ங்கிற உத்தரவு மட்டும்தான் இங்க வரும். அந்த உத்தரவை வாங்கி, தன்கிட்ட இருக்கிற எக்ஸ்சேஞ்சோட கணக்குல இருந்து ரூபாயை எடுத்து, நெஃப்ட்லயோ ஐஎம்பிஎஸ்லயோ உங்க வீட்டு அக்கவுண்டுக்குத் தள்ளிவிடற வங்கிதான் பேஅவுட் பார்ட்னர். ரிசர்வ் வங்கியோட விதியில இந்த ஏற்பாட்டுக்கு ரூபீ டிராயிங் அரேஞ்ச்மென்ட்னு பேர்.

அந்தப் பச்சை டிக்குக்குப் பல ஆப்புல ஒரே ஒரு அர்த்தம்தான்: எக்ஸ்சேஞ்ச் தன் வேலையை முடிச்சிடுச்சு. வீட்டுக்குப் பணம் போய்ச் சேர்ந்துச்சுன்னு இல்ல.

அதனால எக்ஸ்சேஞ்ச் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, "பணம் எங்க?"ன்னு கேட்காதீங்க. ரெண்டு கேள்வி கேளுங்க. எந்த இந்திய வங்கி வழியா அனுப்பினீங்க? யூடிஆர் நம்பர் வந்துடுச்சா?

[திரையில்: `UTR` என்ற வரி பெரிதாகிறது]

யூடிஆர்ங்கிறது, பார்ட்னர் வங்கி உங்க வீட்டு அக்கவுண்டுக்குப் பணத்தைத் தள்ளிவிடறப்போ அந்தப் பரிமாற்றத்துக்குக் கிடைக்கிற அடையாள எண். நெஃப்ட்ல போனா 16 எழுத்தும் எண்ணும் கலந்த நம்பர் இருக்கும். ஐஎம்பிஎஸ்னா 12 இலக்கம். இந்த நம்பர் இருந்தா, பணம் பார்ட்னர் வங்கியைத் தாண்டிடுச்சு. அதை எழுதிக்கிட்டு மனைவி தன்னோட கிளைக்குப் போகலாம், அவங்களால தேட முடியும். நம்பர் இன்னும் வரலைன்னா கிளைக்கு அலையறது வீண். அந்தக் கிளையோட கம்ப்யூட்டர்ல தேடறதுக்கே எதுவும் இல்ல. ஆப்ல கொடுத்த எக்ஸ்சேஞ்சோட ரெஃபரன்ஸ் நம்பர் வேற, யூடிஆர் வேற. அதைக் காட்டினா கிளையில முழிப்பாங்க.

நெஃப்ட்ல பணம் தொகுப்பு தொகுப்பாத்தான் போகும். ஒரு தொகுப்புல போன பணத்தை வரவு வைக்க முடியலைன்னா, அந்தத் தொகுப்பு முடிஞ்ச ரெண்டு மணி நேரத்துக்குள்ள திருப்பி அனுப்பணும்னு விதி. அதனால மூணு நாள் தாமதம்னா, பெரும்பாலும் பணம் நெஃப்டுக்குள்ள நுழையவே இல்லைன்னு புரிஞ்சுக்கலாம். இப்ராஹிமுக்கும் அதே பதில்தான் வந்துச்சு: "யூடிஆர் வரல, பார்ட்னர் வங்கியில நிக்குது. பேர் பொருந்தல."

[திரையில்: மேலே `FATHIMA IBRAHIM`, கீழே பாஸ்புக்கில் `FATHIMA BEEVI S`]

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது அடிக்கடி வரும். ஆப்ல `First Name`, `Last Name`னு ரெண்டு கட்டம். ரெண்டாவதை நிரப்பாம மேல போக விடாது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அவர் யோசிச்சுட்டு தன் பேரையே போட்டுட்டார். பேங்குல அந்தம்மா பேர் பாத்திமா பீவி, இனிஷியல் அவங்க அப்பா செய்யதுவோட எஸ். இப்ராஹிம்ங்கிற சொல்லே அந்த அக்கவுண்ட்ல கிடையாது. மனுஷனுக்கு இது ஒரே ஆள்தான். ஒப்பிட்டுப் பார்க்கிற சிஸ்டத்துக்கு ரெண்டு பேர்.

நெஃப்ட் விதிப்படி அக்கவுண்ட் நம்பரை வச்சே வரவு வைக்கலாமே, பேரை ஏன் பார்க்கணும்னு கேட்கலாம். வெளிநாட்டுப் பணம்னா, பெறுறவர் யாருங்கிறதை வங்கி தெரிஞ்சு வச்சிருக்கணும். எரிச்சலா இருந்தாலும் எனக்கு இதுல நியாயம் தெரியுது. நம்பர்ல ஒரு இலக்கம் மாறி வேற யாரோ அக்கவுண்டுக்குப் போனா, அதைத் திரும்ப வாங்கறதுக்குள்ள உயிர் போயிடும்.

திருத்தம் கேட்க வேண்டியது அனுப்பினவர்தான். பரமக்குடியில ஆதாரோட எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் உத்தரவுல இருக்கிற பேரை அந்தக் கிளையால மாத்த முடியாது. இப்ராஹிம் பாஸ்புக் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாங்கி, எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பி, "பெயர்த் திருத்தம் போடுங்க"ன்னு எழுத்துல கேட்கணும். எழுத்துப்பிழை, இனிஷியல் மாதிரி சின்னத் திருத்தத்தைப் பெரும்பாலும் ஏத்துக்குவாங்க. ஆளே மாறுற மாதிரி இருந்தா ரத்து செஞ்சு மறுபடி அனுப்பச் சொல்வாங்க. ரத்துன்னா ரூபாயைத் திரும்பத் திர்ஹாமா மாத்துறப்போ அன்னைய ரேட்டுல கொஞ்சம் அடிபடலாம். முதல்ல திருத்தமே கேளுங்க.

[திரையில்: `Under Review`]

திருத்தம் போட்டாச்சு. இப்ப ஆப்ல புதுசா "பரிசீலனையில்"னு காட்டுது. பேர் மாறினதும் புதுப் பேரையும் அனுப்பினவர் பேரையும் மறுபடி பட்டியல்களோட ஒப்பிடுவாங்க. ஐநா பாதுகாப்புக் கவுன்சிலோட தடைப் பட்டியல், அமீரகத்தோட உள்நாட்டுப் பயங்கரவாதப் பட்டியல் மாதிரி. சாஃப்ட்வேர் அச்சு அசலா ஒரே பேரைத்தான் தேடும்னு இல்ல. `Mohamed`, `Mohammad`, `Muhammed` எல்லாம் அதுக்குக் கிட்டத்தட்ட ஒண்ணு. இப்ராஹிம் மாதிரி பொதுவான பேருக்கு எங்கேயாவது ஒண்ணு ஒத்துப்போகும். நம்ம இனிஷியல் பழக்கம் இதை இன்னும் மோசமாக்குது. `IBRAHIM M`னு மட்டும் இருந்தா, நீங்க அவர் இல்லைன்னு பிரிச்சுக் காட்ட அந்தப் பேர்ல எதுவுமே இல்லையே.

சாஃப்ட்வேர் நிறுத்தினதை ஒரு அதிகாரி பார்த்துத்தான் விடுவிக்கணும். பிறந்த தேதி, பிறந்த ஊர், பாஸ்போர்ட்ல உள்ள முழுப் பேர், இதுல ஏதாவது பொருந்தலைன்னு கண்டா விட்டுடுவார். அதனால எமிரேட்ஸ் ஐடி, பாஸ்போர்ட் பக்கம், மனைவி பிறந்த தேதி, சம்பளச் சீட்டு இதெல்லாம் கேட்டு மெயில் வரும். பல சமயம் ஸ்பாம்ல கிடக்கும், தேடுங்க. ஏன் நிறுத்தினீங்கன்னு கேட்டா மழுப்பலான பதில்தான் வரும். சந்தேகமான பரிமாற்றம்னு அரசுக்கு அனுப்பற அறிக்கை பத்தி வாடிக்கையாளர்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சட்டமே இருக்கிறதால, கவுண்டர்ல இருக்கிறவங்க எந்தக் காரணத்தையும் சொல்லத் தயங்குவாங்க. அவங்ககிட்டச் சண்டை போட்டுப் பயனில்லை. கேட்ட தாளை ஒரே தடவையில முழுசா கொடுங்க.

இந்த நேரத்துல பதட்டத்துல பலரும் செய்யறது, ரூம்மேட் பேர்ல மறுபடி அனுப்பறது, இல்லைன்னா தொகையைத் துண்டு துண்டா உடைக்கறது. ரெண்டுமே சந்தேகத்தைக் கூட்டும். துண்டு போடறதைத்தான் அந்த அதிகாரிகள் முதல்ல தேடுவாங்க. "ரிலீஸ் கட்டணம் கட்டுங்க, ஓடிபி சொல்லுங்க"ன்னு போன் வந்தா அது திருட்டு. நிறுத்தின பணத்தை விடுவிக்கக் கட்டணம்னு ஒண்ணு கிடையாது.

[திரையில்: கவுண்டரில் ரொக்கம்]

அக்கவுண்ட் இல்லாம ரொக்கமா வாங்கறவங்களுக்கு வேற திட்டம், எம்டிஎஸ்எஸ். ஒரு தடவைக்கு 2,500 டாலர் வரை, ஒருத்தருக்கு வருஷத்துக்கு 30 தடவை. கையில ரொக்கமா 50,000 ரூபாய் வரைதான். அதுக்கு மேல போனா அக்கவுண்ட்லயோ காசோலையாவோதான் தருவாங்க. அங்க ஒப்பிடறது அடையாள அட்டையில இருக்கிற பேரை.

எக்ஸ்சேஞ்ச்ல எழுத்துப் புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லைன்னா, அமீரகத்துல சனாதக்ங்கிற குறைதீர் அமைப்புக்குப் போகலாம். யூடிஆர் இருந்தும் இந்திய வங்கி வரவு வைக்கலைன்னா, முதல்ல அந்த வங்கிக்கு எழுதி, 30 நாளுக்கு அப்புறம் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு `cms.rbi.org.in` தளத்துல புகார் போடலாம். ரசீது, யூடிஆர், திருத்தம் கேட்ட மெயில், மூணையும் சேர்த்து வைங்க.