அல்ஹம்து ஓதும்போது மனம் எங்கே போகிறது?

அஸ்ஸலாமு அலைக்கும். அன்பான சகோதரர்களே, சகோதரிகளே, இன்று ஒரே ஒரு தொழுகையை எடுத்துக்கொள்வோம். தனியாகத் தொழும் அஸர். நான்கு ரக்அத்துகள், எல்லாமே சத்தமின்றி ஓதுபவை. முதல் ரக்அத்தில் கவனம் ஓரளவு இருக்கும், இரண்டாவதில் நழுவும். மூன்றாவதில் நாவு அல்ஹம்து சூராவை முழுவதும் ஓதி முடித்திருக்கும், ஓதினோமா என்பதே நமக்கு நினைவிருக்காது. அத்தஹிய்யாத்தில் அமரும்போது இது மூன்றா நான்கா என்று சந்தேகம் வரும். மனம் ஏன் இப்படி நழுவுகிறது, எங்கே பிடித்து நிறுத்துவது?

கி.பி. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யா நூலில் இதற்கு இரண்டு காரணங்களைச் சொல்கிறார்கள். ஒன்று வெளியிலிருந்து கண்ணிலும் காதிலும் படுவது. மற்றொன்று உள்ளே ஏற்கெனவே வேர்விட்டிருப்பது. இரண்டுக்கும் மருந்து வேறு. பலர் உள்நோய்க்கு வெளிமருந்தைப் போட்டுவிட்டு, பலனில்லை என்று சோர்ந்துபோகிறார்கள்.

வெளிக்காரணம் எளிது. வேலைப்பாடு கொண்ட ஒரு மேலாடையை அணிந்து நபி (ஸல்) அவர்கள் தொழுதார்கள். அதன் கோலங்களில் பார்வை சென்றதும், தொழுகை முடிந்தபின் அதை அன்பளிப்பாகத் தந்த தோழர் அபூஜஹ்மிடமே கொடுத்துவிட்டு, வேலைப்பாடில்லாத அவருடைய ஆடையை வாங்கிவரச் சொன்னார்கள். ஆயிஷா (ரலி) வீட்டில் தொங்கிய வண்ணத்திரையையும் அகற்றச் சொன்னார்கள். தொழுகையில் அதன் உருவங்கள் கண்முன் வந்துகொண்டே இருந்தன என்பதுதான் காரணம். அல்லாஹ்வின் தூதருக்கே பொருளை அகற்றுவது வழியாக இருந்தது என்றால், நாம் மனவலிமையை மட்டும் நம்பி நிற்பதற்கு இடமில்லை. கஸ்ஸாலி இமாம் சொல்லும் முறை இதுதான்: சுவரை ஒட்டி நில்லுங்கள், பார்வை ஓடும் தூரம் குறையும். பார்வையை ஸுஜூது செய்யும் இடத்தில் வையுங்கள். கைபேசியை அடுத்த அறையில் வைப்பதும் இதில் அடங்கும். அமைதியாக்கிவைத்த கைபேசி அருகில் கிடந்தாலும் மனம் அதன் பக்கம் போகும். கண்ணை மூடலாமா என்று கேட்பார்கள். இப்னுல் கையிம் (ரஹ்) கூறுவது நடுநிலையானது: கண் திறந்திருப்பது உள்ளச்சத்தைக் கெடுக்காதபோது திறந்திருப்பதே சிறப்பு. முன்னால் அலங்காரங்கள் மனத்தைக் கலைத்தால் மூடுவது வெறுக்கத்தக்கதல்ல.

உள்காரணம்தான் கடினம். மரத்தடியில் அமர்ந்து சிந்திக்க நினைக்கும் ஒருவரைக் கஸ்ஸாலி இமாம் உவமை காட்டுகிறார்கள். பறவைகளின் இரைச்சல் தாங்காமல் அவர் கோலை எடுத்து விரட்டுகிறார், அவை திரும்ப வருகின்றன, மீண்டும் விரட்டுகிறார். விடுதலை வேண்டுமென்றால் மரத்தையே வெட்டு என்று அவருக்குச் சொல்லப்படுகிறது. மரம் என்பது உலக ஆசை. அதை வெட்டுவது ஒரு நாளில் ஆவதல்ல. ஆனால் தக்பீருக்கு முன்பே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு: அந்த நேரத்தில் மனத்தைப் பிடித்திருக்கும் காரியத்தை முடித்துவிட்டோ ஒதுக்கி வைத்துவிட்டோ நிற்பது. உணவு தயாராக இருக்கும்போதும், மலஜலத்தை அடக்கிக்கொண்டும் தொழுகை இல்லை என்பது முஸ்லிமில் உள்ள நபிமொழி. பசியை ஆற்றிவிட்டு, தேவையை முடித்து உளூச் செய்துவிட்டு வந்தாலே பாதி இரைச்சல் அடங்கும். மறக்கக்கூடாத வேலை ஏதும் இருந்தால் ஒரு வரியில் எழுதி வைத்துவிட்டு நில்லுங்கள். இகாமத் முடிந்ததும் ஷைத்தான் வந்து, அதுவரை நினைவில் இல்லாததைக்கூட “இதை நினை, அதை நினை” என்று தூண்டுகிறான், இறுதியில் எத்தனை ரக்அத் தொழுதோம் என்றே மனிதன் அறியாமல் போகிறான் என்று புகாரியில் வருகிறது. தொலைந்த சாவி தொழுகையில் நினைவுக்கு வருவதன் காரணம் அதுதான். எழுதி வைத்துவிட்டால் அவன் நினைவூட்டுவதற்கு ஒன்று குறையும்.

இனி ஓதுதல். மனத்தை வெறுமையாக்க முயன்றால் அது நிற்காது, அதற்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். அந்த வேலை அல்ஹம்து சூராவிலேயே இருக்கிறது. முஸ்லிமில் உள்ள ஹதீஸ் குத்ஸியில், தொழுகையை எனக்கும் என் அடியானுக்கும் இடையே இரு பாதியாகப் பங்கிட்டேன் என்கிறான் அல்லாஹ். “அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்” என்று அடியான் சொன்னால், “என் அடியான் என்னைப் புகழ்ந்தான்” என்கிறான். “அர்ரஹ்மானிர் ரஹீம்” என்றால் “என்னைப் போற்றினான்”, “மாலிகி யவ்மித்தீன்” என்றால் “என்னைக் கண்ணியப்படுத்தினான்”. “இய்யாக நஃபுது” என்ற வசனத்துக்கு, “இது எனக்கும் என் அடியானுக்கும் இடையே உள்ளது, அவன் கேட்டது அவனுக்கு உண்டு” என்று பதில் வருகிறது. “இஹ்தினா” முதல் இறுதிவரை, “இது என் அடியானுக்கு, அவன் கேட்டது அவனுக்கு உண்டு.”

ஆகவே ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் நிறுத்துங்கள். நபி (ஸல்) அவர்கள் வசனம் வசனமாக நிறுத்தி ஓதினார்கள் என்று உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள். ஒரு மூச்சுவிடும் நேரம் போதும். அந்த இடைவெளியில் அல்லாஹ்வின் பதிலை மனத்தில் கொண்டுவாருங்கள். ஒரே மூச்சில் ஓதும் பழக்கம் உள்ளவருக்கு முதலில் இது தடுமாற்றமாக இருக்கும். காரணம், சிறுவயதிலிருந்து நாவு தானாக ஓடப் பழகியிருக்கிறது. மனமில்லாமல் நாவு ஓடும்போது மனத்துக்கு முழு விடுமுறை. நிறுத்தினால் நாவால் தனியே ஓட முடியாது. நழுவல் பெரும்பாலும் “மாலிகி”க்கும் “இய்யாக”வுக்கும் இடையே நடக்கிறது என்று கண்டால், அங்கே சற்று அதிகம் நில்லுங்கள். சூரா இல்லாத மூன்றாம், நான்காம் ரக்அத்துகளில் இந்த நிறுத்தம் இன்னும் தேவை. அங்கு ஓத வேறு எதுவும் இல்லை என்பதால்தான் நாவு விரைகிறது. இமாமைப் பின்பற்றி, சத்தமாக ஓதும் தொழுகையில் நிற்பவர்கள் இமாம் நிறுத்தும் இடங்களில் இதையே செய்யலாம்.

ருகூவில் ஒரு தவறு மிகப் பரவலாக நடக்கிறது. குனியும்போதே “ஸுப்ஹான ரப்பியல் அளீம்” தொடங்கி, எழும்போது முடிகிறது. தஸ்பீஹுக்கு உடல் நிலைத்த இடமே கிடைப்பதில்லை. அவசரமாகத் தொழுதவரை நபி (ஸல்) அவர்கள், திரும்பிச் சென்று தொழும், நீர் தொழவில்லை என்று மூன்று முறை அனுப்பினார்கள். பின்னர் உறுப்புகள் நிலைபெறும்வரை நிற்கக் கற்றுக்கொடுத்தார்கள். முதுகு நிலைத்தபின் தஸ்பீஹைத் தொடங்குங்கள், மூன்றும் முடிந்தபின் எழுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் எண்ணம் வரும். உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) இதையே முறையிட்டபோது நபி (ஸல்) அவர்கள், அவன் கின்ஸப் எனப்படும் ஷைத்தான், அவனை உணர்ந்தால் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி, இடப்புறம் மூன்று முறை துப்பும் என்றார்கள். எச்சில் தெறிக்காத மெல்லிய ஊதலே இதன் பொருள் என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். எண்ணம் வந்ததை உணர்ந்ததும் அதனோடு வாதிடாமல், நிற்கும் வசனத்துக்கே திரும்புங்கள். தக்பீரை மீண்டும் கட்டாதீர்கள், ஓதிய அல்ஹம்துவைத் திரும்ப ஓதாதீர்கள். அப்படித் திரும்பச் செய்யும் பழக்கம் வஸ்வாஸாக முற்றி, ஒரு தக்பீருக்கே பத்து முறை கையுயர்த்தும் நிலைக்கு ஆளைக் கொண்டுவிடும்.

மூன்றா நான்கா என்ற சந்தேகம் வந்தால், உறுதியான எண்ணிக்கையான மூன்றைக் கொண்டு இன்னொரு ரக்அத் தொழுது, ஸலாமுக்கு முன் இரண்டு ஸஜ்தா செய்ய வேண்டும் என்பது அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் நபிமொழி. மனம் ஒரு பக்கம் வலுவாகச் சாய்ந்தால் அதைக் கொள்ளலாம் என்பது ஹனஃபி நிலை, அவர்கள் ஸஜ்தா ஸஹ்வின் இடத்திலும் வேறுபடுகிறார்கள். உங்கள் மத்ஹபின்படி செய்யுங்கள்.

ஸலாம் கொடுத்தபின் எழும் முன் ஒரு கேள்வி: எந்த ரக்அத்தில் எந்த வசனத்தில் மனம் வந்து நின்றது? தொழுதவருக்குப் பத்தில் ஒரு பங்கு, ஒன்பதில் ஒரு பங்கு, இப்படிப் பாதிவரை மட்டுமே எழுதப்படலாம் என்று நபிமொழி உண்டு. குறைந்த அஸரைத் திரும்பத் தொழ வேண்டியதில்லை. மறுமையில் ஃபர்ளில் குறை காணப்பட்டால், அடியானிடம் உபரித் தொழுகை உண்டா என்று பார்த்து, அதைக்கொண்டு நிறைவாக்கப்படும் என்பது திர்மிதியில் உள்ளது. மஃரிபுக்குப் பிந்திய இரண்டு ரக்அத் சுன்னத்தில், அன்று நழுவிய அதே வசனத்தில் நிறுத்தி ஓதிப் பாருங்கள்.